மூன்றடி விட்டால் போதாது: வீடு கட்டும் முன் செட்பேக், எஃப்.எஸ்.ஐ., பிளான் அப்ரூவல் கணக்குகள்

தமிழ்நாட்டில் சொந்த வீடு கட்டுகிறவர்களில் பெரும்பாலானவர்கள் முதலில் கேட்கும் கேள்வி, “என் மனையில் எத்தனை சதுர அடி கட்டலாம்?” என்பதுதான். பதிலும் உடனே வந்துவிடும்: “எஃப்.எஸ்.ஐ. 2, அதனால் மனையைப் போல இரண்டு மடங்கு.” எல்லாத் தளங்களின் மொத்தப் பரப்பு மனைப் பரப்பைப் போல எத்தனை மடங்கு என்பதே எஃப்.எஸ்.ஐ. இந்தப் பதில் தவறில்லை. ஆனால் சிறிய மனைக்கு அதனால் பயனும் இல்லை. அரை கிரவுண்ட், முக்கால் கிரவுண்ட் மனைகளில் வீட்டின் அளவைத் தீர்மானிப்பது எஃப்.எஸ்.ஐ. அல்ல, எல்லையை ஒட்டிக் காலியாக விட வேண்டிய செட்பேக்கும் கட்டடத்தின் உயரமும்தான். அதைப் புரிந்துகொண்டு வரைந்தால் பிளான் ஒரே முறையில் தேறும்.

இங்கே சொல்லப்படுபவை தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019 என்பதை ஒட்டியவை. 2019 பிப்ரவரி 4-ல் நடைமுறைக்கு வந்த இந்த விதிகள் பலமுறை திருத்தப்பட்டிருக்கின்றன. எனவே கணக்குப் போடும் முறையை இங்கிருந்து எடுத்துக்கொள்ளுங்கள். எண்களை விண்ணப்பிக்கும் நாளில் நடப்பில் இருக்கும் அட்டவணையோடு ஒருமுறை ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

முதல் படி: மனை, காகிதத்திலும் தரையிலும்

பிளான் வரையச் சொல்வதற்கு முன் நான்கு காகிதங்கள் கையில் இருக்க வேண்டும். கிரையப் பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, மனை அங்கீகரிக்கப்பட்டதற்கான ஆதாரம். பட்டாவையும் புலப்படத்தையும் eservices.tn.gov.in தளத்திலும், வில்லங்கத்தை tnreginet.gov.in தளத்திலும் எடுக்கலாம். நகர்ப்புற மனைக்குப் பட்டாவோடு நகர நில அளவைப் பதிவேட்டின் நகலும் தேவைப்படும். பட்டா இன்னும் விற்றவர் பெயரிலோ தாத்தா பெயரிலோ இருந்தால், பெயர் மாற்றிய பிறகு மற்ற வேலைகளைத் தொடங்குங்கள். விண்ணப்பம் திரும்பி வருவதற்கு மிகச் சாதாரணமான காரணம் இதுதான்.

அங்கீகாரம் என்பது தனி விஷயம். மனை, சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமமான சி.எம்.டி.ஏ. அல்லது நகர் ஊரமைப்பு இயக்ககமான டி.டி.சி.பி. அங்கீகரித்த மனைப்பிரிவில் இருக்க வேண்டும். அப்படி இல்லாத மனைகளுக்கு 2017-ல் வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்தன. அதற்கான எல்லை நாள் 2016 அக்டோபர் 20. அதற்கு முன் பதிவான மனை என்றால் வரன்முறை ஆணை வாங்கிய பிறகே கட்டட அனுமதிக்குப் போக முடியும். “ஊராட்சி அப்ரூவல் மனை” என்று சொல்லி விற்கப்பட்டவற்றில் பல இந்த வகையைச் சேர்ந்தவை. நிலப் பயன்பாடு குடியிருப்பு என்று இருக்கிறதா என்பதையும் இதே கட்டத்தில் பார்த்துவிடுங்கள்.

பிறகு தரைக்கு வாருங்கள். பத்திரத்தில் 30-க்கு 40 என்று எழுதியிருப்பதாலேயே தரையிலும் 30-க்கு 40 இருக்கும் என்று சொல்ல முடியாது. நான்கு பக்கத்தையும் அளந்துவிட்டு இரண்டு மூலைவிட்டங்களையும் அளக்க வேண்டும். 30-க்கு 40 மனை சரியான செவ்வகமாக இருந்தால் இரண்டு மூலைவிட்டமும் சரியாக 50 அடி வரும். ஒன்று 49 அடி 6 அங்குலமும் மற்றது 50 அடி 6 அங்குலமும் வந்தால், பக்கங்கள் சரியாக இருந்தாலும் மனை சாய்ந்திருக்கிறது என்று பொருள். சாய்ந்த மனையில் நேராக வீட்டை உட்கார வைத்தால், ஒரு மூலையில் தாராளமாக இருக்கும் செட்பேக் எதிர் மூலையில் குறைந்துவிடும். விதி கேட்பது சராசரியை அல்ல. சுவரின் எந்த இடத்தில் அளந்தாலும் குறைந்தபட்ச இடைவெளி இருக்க வேண்டும்.

பக்கத்து வீட்டுக்காரரின் காம்பவுண்டுச் சுவர் உங்கள் மனைக்குள் அரை அடி வந்திருந்தால், அதுவும் இப்போது தெரிந்தாக வேண்டும். பேசித் தீர்ப்பதோ, சர்வேயரை அழைத்து எல்லைக்கல் நடுவதோ, எதுவானாலும் அஸ்திவாரம் தோண்டும் முன் செய்வதே எளிது.

தெருவின் அகலத்தையும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். தார் போட்ட பகுதியை மட்டும் அளக்கக் கூடாது. மனைப்பிரிவு வரைபடத்தில் இருக்கும் முழு அகலமே கணக்கு. முன்பக்க செட்பேக் அதைப் பொறுத்தது.

இரண்டாம் படி: செட்பேக்

செட்பேக் என்பது மனை எல்லைக்கும் கட்டடத்தின் வெளிச்சுவருக்கும் நடுவே வானம் பார்த்து விட வேண்டிய காலியிடம். முன்பக்கத்தில் எவ்வளவு என்பதைத் தெருவின் அகலம் சொல்லும். பக்கவாட்டிலும் பின்னாலும் எவ்வளவு என்பதைக் கட்டடத்தின் உயரமும் மனையின் அகலமும் சொல்லும். அதனால் அட்டவணையைத் திறக்கும் முன் தெரு அகலம், கட்டட உயரம், மனை அகலம் ஆகிய மூன்றும் மீட்டரில் எழுதப்பட்டிருக்க வேண்டும்.

மீட்டர் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. விதி மீட்டரில் இருக்கிறது, நம் மேஸ்திரிகளின் டேப் அடியில் ஓடுகிறது. சிறிய வீட்டுக்குப் பக்கவாட்டில் 1 மீட்டர் என்றால், “மூணடி விட்டாச்சு சார்” என்பார்கள். மூன்றடி என்பது 0.914 மீட்டர்; எட்டரை சென்டிமீட்டர் குறைகிறது. 3 அடி 4 அங்குலம் விட்டால்தான் 1 மீட்டர் தேறும். முன்பக்கம் 1.5 மீட்டருக்கு 5 அடி விட்டால் சரியாகிவிடும், அது 1.524 மீட்டர்.

அடுத்த குழப்பம், எங்கிருந்து எங்கே அளப்பது என்பது. எல்லைக் கோட்டிலிருந்து அளக்க வேண்டும். 9 அங்குல காம்பவுண்டுச் சுவரை உங்கள் மனைக்குள் கட்டினால் அதன் தடிமன் செட்பேக்குக்குள்ளேயே அடங்கும். அதாவது 1 மீட்டர் செட்பேக்கில் நடப்பதற்குக் கிடைப்பது சுமார் 77 சென்டிமீட்டர்தான். அதில் கழிவுநீர்க் குழாயும் சேம்பரும் ஏ.சி. வெளி யூனிட்டும் வந்தால் ஒரு ஆள் ஒருக்களித்துத்தான் போக முடியும். விதி கேட்பது குறைந்தபட்சம். முடிந்தால் ஒரு பக்கத்திலாவது 4 அடி விடுங்கள்.

மழைமறைப்பு சன்ஷேடு, கழிவுநீர்த் தொட்டி போன்றவற்றுக்கு செட்பேக்கில் வரம்போடு இடம் உண்டு. அறை, மூடிய பால்கனி, தூண் நிறுத்திய போர்டிகோ, தகரக் கூரை போட்ட சமையல் கொட்டகை ஆகியவை அங்கே வரக் கூடாது. செட்பேக்கில் எது வந்தாலும் வரைபடத்திலேயே காட்டப்பட்டிருக்க வேண்டும். பழைய ஊர்களில் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள் உள்ள தெருக்கள் சில, தொடர் கட்டடப் பகுதியாக அறிவிக்கப்பட்டிருக்கும். அங்கே பக்கவாட்டு விதி வேறு. அந்தச் சலுகை அறிவிக்கப்பட்ட தெருவுக்குத்தானே தவிர, எதிர்வீட்டுக்காரர் ஒட்டிக் கட்டியிருக்கிறார் என்பதற்காகக் கிடைக்காது.

மூன்றாம் படி: எஃப்.எஸ்.ஐ.

எல்லாத் தளங்களின் பரப்பையும் கூட்டி, மனைப் பரப்பால் வகுத்தால் கிடைப்பது தளப்பரப்புக் குறியீடு, அதாவது எஃப்.எஸ்.ஐ. 18.30 மீட்டர் உயரம் வரை உள்ள, பல மாடி அல்லாத கட்டடங்களுக்குத் தமிழ்நாட்டில் இது 2. தெரு 9 மீட்டருக்குக் குறையாமல் இருந்தால் கட்டணம் செலுத்திக் கூடுதலாக பிரீமியம் எஃப்.எஸ்.ஐ. வாங்கலாம். தனி வீட்டுக்கு அது பெரும்பாலும் தேவைப்படாது.

பரப்பு என்றால் சுவர்த் தடிமனும் சேர்ந்த பரப்பு. வீட்டுக்குள் விரிப்பு விரிக்கும் இடத்தை மட்டும் கூட்டினால் கணக்கு குறைவாக வரும். வீட்டுக்குள் இருக்கும் மாடிப்படி ஒவ்வொரு தளத்திலும் கணக்கில் சேரும். மொட்டை மாடிக்கு மேல் வரும் படிக்கட்டு அறை, தண்ணீர்த் தொட்டி, தூண்கள் மேல் எழுப்பி வண்டி நிறுத்த விடும் தளம் ஆகியவை சேராது. ஆனால் அந்தப் படிக்கட்டு அறையைக் கொஞ்சம் நீட்டி, ஜன்னல் வைத்து, பக்கத்தில் கழிப்பறையும் கட்டினால் அது படிக்கட்டு அறை அல்ல, ஒரு தளம்.

ஒரு மனையை எடுத்து முழுக் கணக்கு

30 அடி அகலம், 40 அடி ஆழம், 1,200 சதுர அடி, அதாவது அரை கிரவுண்ட். முன்னால் 23 அடித் தெரு, சுமார் 7 மீட்டர். மீட்டரில் மனை 9.14-க்கு 12.19; பரப்பு 111.4 சதுர மீட்டர். எஃப்.எஸ்.ஐ. 2 என்றால் 2,400 சதுர அடி வரை கட்டலாம் என்று காகிதம் சொல்கிறது.

தரைத்தளமும் முதல் தளமும் கொண்ட, 7 மீட்டருக்கு உட்பட்ட வீடு என்று எடுத்துக்கொள்வோம். முன்னால் 1.5 மீட்டர், இரு பக்கமும் தலா 1 மீட்டர், பின்னால் 1 மீட்டர் விடுகிறோம். வீட்டின் அகலம் 9.14-லிருந்து 2 போக 7.14 மீட்டர். ஆழம் 12.19-லிருந்து 2.5 போக 9.69 மீட்டர். ஒரு தளம் 69.2 சதுர மீட்டர், ஏறக்குறைய 745 சதுர அடி. இரண்டு தளத்துக்கு 1,490 சதுர அடி. எஃப்.எஸ்.ஐ. கணக்கில் இது 1.24 மட்டுமே.

மீதி 910 சதுர அடி எங்கே போயிற்று என்று கேட்டால், அது காற்றில் இருக்கிறது. அதைப் பிடிக்க மூன்றாவது தளம் போட வேண்டும். போட்டால் உயரம் 7 மீட்டரைத் தாண்டும், செட்பேக் அட்டவணையில் அடுத்த வரிசைக்குப் போக வேண்டும். பக்கவாட்டிலும் பின்னாலும் 1.5 மீட்டர் என்று வைத்துக்கொண்டால் அகலம் 6.14, ஆழம் 9.19. ஒரு தளம் 56.4 சதுர மீட்டர், அதாவது 607 சதுர அடியாகச் சுருங்குகிறது. மூன்று தளமும் சேர்ந்து 1,822 சதுர அடி.

ஒரு முழுத் தளத்தைக் கூட்டியதற்குக் கிடைத்தது 332 சதுர அடிதான். ஒவ்வொரு தளமும் 138 சதுர அடி குறைந்தது. ஒரு படுக்கையறை அளவு. அதோடு அஸ்திவாரமும் தூண்களும் மூன்று தளத்தின் எடையைத் தாங்கும்படி இருக்க வேண்டும், படிக்கட்டு இன்னொரு தளத்தில் இடத்தைத் தின்னும். மேல் தளத்தை வாடகைக்கு விடுவதாக இருந்தால் இது பொருந்தலாம். ஒரே குடும்பம் வசிக்க என்றால், இந்த அளவு மனையில் இரண்டு தளமே நல்ல வீடு என்பது எங்கள் கருத்து.

“பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்று இரண்டு தளத்துக்கான செட்பேக்கில் கட்டிவிட்டு, சில வருடம் கழித்து மூன்றாவது எழுப்ப நினைப்பவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். அப்போது உயரத்துக்கு உரிய செட்பேக் தரைத்தளத்திலிருந்தே இருக்க வேண்டும். கட்டிய சுவரை உள்ளே தள்ள முடியாது. மூன்றாவது தளம் என்றைக்காவது வேண்டும் என்றால் இன்றே அதற்கான இடைவெளியை விட்டுவிடுங்கள்.

வண்டி விஷயமும் இதே கணக்கில் வருகிறது. கார் நிறுத்த 2.5-க்கு 5 மீட்டர் இடம் வேண்டும். 1.5 மீட்டர் முன்பக்கத்தில் அது நிற்காது. தரைத்தளத்தில் சுமார் 135 சதுர அடியை அதற்கு ஒதுக்கியாக வேண்டும். அதைக் கழித்துவிட்டுப் பார்த்தால் கீழே ஒரு கூடம், சமையலறை, ஒரு அறை என்பதுதான் நடைமுறை.

7 மீட்டர் என்ற கோடு

சிறிய வீட்டின் விதியெல்லாம் இந்த உயரத்தைச் சுற்றியே இருப்பதால், அது எப்படிச் செலவாகிறது என்று பாருங்கள். தரைத்தளம் உட்காரும் அடிமட்டம் தரையிலிருந்து 2 அடி, அதாவது 0.60 மீட்டர். ஒவ்வொரு தளத்திலும் உள்ளுயரம் 10 அடி, 3.05 மீட்டர். ஒவ்வொரு கான்கிரீட் தளமும் 5 அங்குலம், 0.125 மீட்டர். இரண்டு தளத்துக்கு 6.35, அடிமட்டத்தோடு 6.95 மீட்டர். ஐந்து சென்டிமீட்டர் மிச்சம்.

மழைநீர் புகுந்துவிடும் என்று பயந்து அடிமட்டத்தை 3 அடியாக உயர்த்தினால் அதே வீடு 7.25 மீட்டர் ஆகிவிடும். வெள்ளம் நிற்கும் பகுதியில் உயர்த்துவது அவசியமே. ஆனால் அதை வரைபடத்தில் முதலிலேயே காட்டி, உள்ளுயரத்தை 9 அடி 6 அங்குலமாகக் குறைத்து ஈடுகட்ட வேண்டும்: 0.90-ம், 2.90-ம் 0.125-ம் சேர்ந்த 3.025 இரண்டு முறையும் கூட்டினால் 6.95. வேலை நடக்கும்போது மேஸ்திரி சொன்னார் என்று ஒரு வரிசைக் கல் கூட வைத்தால் இந்தக் கணக்கு உடைந்துவிடும்.

நான்காம் படி: விண்ணப்பம்

பதிவுபெற்ற பொறியாளர் அல்லது கட்டடக் கலைஞர் மூலம்தான் வரைபடம் போக வேண்டும். அவருடைய பதிவு நடப்பில் இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். காலாவதியான பதிவெண்ணில் கையெழுத்திட்ட வரைபடம் செல்லாது. வரைபடத்தில் மனை இருக்கும் இடத்தைக் காட்டும் படம், தெரு அகலமும் நான்கு பக்க செட்பேக்கும் குறித்த மனைப் படம், ஒவ்வொரு தளத்தின் படம், முன்தோற்றம், உயரம் காட்டும் வெட்டுத்தோற்றம், பரப்புக் கணக்கு, மழைநீர் சேகரிப்பு, கழிவுநீர்த் தொட்டி ஆகியவை இருக்கும். கையெழுத்திடும் முன் செட்பேக் எண்களையும் வெட்டுத்தோற்றத்தின் உயரத்தையும் மட்டுமாவது நீங்களே கூட்டிப் பாருங்கள். இரண்டு படங்களுக்குள் எண் மாறுபடுவது அடிக்கடி நடக்கும் பிழை.

விண்ணப்பம் onlineppa.tn.gov.in என்ற ஒற்றைச் சாளரத் தளத்தில் போகிறது. அங்கே இரண்டு வழி உண்டு. 2024 ஜூலை 22 முதல் சுயசான்று முறை இருக்கிறது. 2,500 சதுர அடி வரை உள்ள மனையில், 3,500 சதுர அடி வரை, தரைத்தளம் மட்டுமோ தரையும் முதல் தளமுமோ உள்ள வீட்டுக்கு இது. ஆவணங்களை ஏற்றி, கட்டணத்தை மொத்தமாகச் செலுத்தினால் கள ஆய்வுக்குக் காத்திராமல் அனுமதி கிடைக்கிறது. மேலே போட்ட 1,490 சதுர அடிக் கணக்கு இதற்குள் அடங்கும்; மூன்று தளக் கணக்கு அடங்காது.

வேகமாகக் கிடைப்பதால் யாரோ சரிபார்த்துவிட்டார்கள் என்று நினைக்கக் கூடாது. சரிபார்க்கும் பொறுப்பு உங்கள் மேலும் பொறியாளர் மேலும் விழுந்திருக்கிறது என்பதே சுயசான்றின் பொருள். கொடுத்த தகவல் தவறு என்று பின்னால் தெரிந்தால் அனுமதி நிற்காது.

இந்த வரம்பைத் தாண்டும் வீடுகள் வழக்கமான வழியில் மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி அல்லது ஊராட்சிக்குப் போகும்; இன்னும் பெரியவை சி.எம்.டி.ஏ. அல்லது டி.டி.சி.பி.க்கு. ஆவணப் பரிசீலனை, கள ஆய்வு, கேள்விக் கடிதம் இருந்தால் அதற்குப் பதில், கட்டண அறிவிப்பு, பணம் செலுத்தியபின் அனுமதி என்பது வரிசை. கட்டணத்தில் பரிசீலனைக் கட்டணம், கட்டட உரிமக் கட்டணம், வளர்ச்சிக் கட்டணம், கட்டுமானத் தொழிலாளர் நல நிதி என்று பல தலைப்புகள் இருக்கும். எல்லாவற்றுக்கும் ரசீது வாங்கி வையுங்கள்.

பெரிய கட்டடங்களுக்குத் திட்ட அனுமதி வேறு, கட்டட அனுமதி வேறு. முதல் கடிதம் கைக்கு வந்ததுமே வேலையைத் தொடங்குவது தவறு. இரண்டும் வேண்டும்.

ஐந்தாம் படி: கோடு போடும் நாள்

பிளான் சரியாக இருந்தும் வீடு தவறாகப் போவது இந்த ஒரு நாளில்தான். மேஸ்திரி கயிறு கட்டுவது தூண்களின் நடுக்கோட்டில். செட்பேக் அளக்கப்படுவது சுவரின் வெளிமுகத்திலிருந்து. எல்லையிலிருந்து 1 மீட்டரில் நடுக்கோட்டுக் கயிறு கட்டிவிட்டால், 9 அங்குலச் சுவரின் பாதியான நாலரை அங்குலம் வெளியே வந்துவிடும். 1 மீட்டர் சுமார் 88.5 சென்டிமீட்டராகச் சுருங்கும். பூச்சு ஏறினால் இன்னும் ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர். சரியான இடம் எல்லையிலிருந்து ஒரு மீட்டரும் 11.5 சென்டிமீட்டரும், பூச்சுக்கு 2 சென்டிமீட்டரும் சேர்த்து 1.135 மீட்டர்.

அடிமட்ட பெல்ட் போட்டபின் மீண்டும் நான்கு பக்கமும் அளந்து, டேப் தெரியும்படி படம் எடுத்து வையுங்கள். இந்தக் கட்டத்தில் தவறைத் திருத்த முடியும். முதல் தளம் ஏறியபின் முடியாது. விதிமீறல் பெரிதாக இருந்தால் 1971-ம் ஆண்டின் நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 56, 57-ம் பிரிவுகளின்படி வேலையை நிறுத்தவும் பூட்டி முத்திரையிடவும் அதிகாரம் இருக்கிறது. வீட்டுக்கடன் தவணையை விடுவிக்க வரும் வங்கிப் பொறியாளரும் கையில் அப்ரூவ்டு பிளானோடுதான் வருவார்.

நடுவில் அறையை இடம் மாற்றவோ, ஒரு பக்கம் நீட்டவோ தோன்றினால், உள் சுவரை நகர்த்துவதும் வெளிச்சுவரை நகர்த்துவதும் ஒன்றல்ல என்பதை நினைவில் வையுங்கள். வெளிச்சுவர், உயரம், தளங்களின் எண்ணிக்கை இவற்றில் எது மாறினாலும் திருத்திய வரைபடத்துக்கு அனுமதி வாங்கிவிட்டு அந்தப் பகுதியில் கை வையுங்கள். வீடு முடிந்து சொத்துவரிக்காக அளக்க வரும்போது, அனுமதித்த பரப்புக்கும் கட்டிய பரப்புக்கும் உள்ள வித்தியாசம் அதே தாளில் எழுதப்படும்.